முடி விளம்பரப் படம்: பளபளப்பு எங்கே விழும், இழை எங்கே ஒட்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாம்பு, கூந்தல் எண்ணெய் கம்பெனிகளுக்காகப் படம் எடுப்பதும் அதை ரீடச் செய்வதும் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களும், சொந்தமாக எண்ணெய் காய்ச்சி விற்கும் சிறு கம்பெனிக்காரர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஃபோட்டோ பற்றியது. வீடியோவுக்குக் கடைசியில் நாலு வரி.

பளபளப்பைக் கொஞ்சம் கூட்டினாலே முடி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

முக்கால்வாசி நேரம் அளவில் தப்பு இருக்காது, இடத்தில்தான் இருக்கும். பெரிய மெத்தென்ற பிரஷ் எடுத்து உச்சியிலிருந்து இடுப்பு வரை, முடி போகிற திசையிலேயே நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை இழுத்திருப்பீர்கள். நிஜ முடியில் பளபளப்பு அப்படி விழுவதில்லை. முடிக்குக் குறுக்கே விழும். தலையைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி, அதுவும் முழு வளையமாக இல்லாமல் கற்றைக்குக் கற்றை விட்டுவிட்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று உடைந்து நிற்கும்.

இரண்டாவது தப்பு, அந்தப் பட்டைக்குள் இழையே தெரியாமல் போவது. பளிச்சென்ற இடத்திலும் கறுப்புக் கோடுகள் ஊடே ஓடவேண்டும். அவை மறைந்த நொடியே கண் அதை முடி என்று ஏற்காது, ரிப்பன் என்று எடுத்துக்கொள்ளும்.

குறுக்கேதான் விழும் என்றால் நம்பமுடியவில்லை. முடி நீளவாக்கில்தானே இருக்கிறது?

அடுப்படியில் இருக்கும் எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் லேத்தில் கடைந்த வட்டக் கோடுகள் மெல்லிசாக ஓடும். பல்புக்குக் கீழே பிடித்தால் வெளிச்சம் அந்த வட்டங்களின் மேலே சுற்றி ஓடாது, நடுவிலிருந்து விளிம்பு வரை விசிறி விரித்தாற்போல் கோடுகளை வெட்டிக்கொண்டு நிற்கும். நூல்கண்டிலும் அப்படித்தான், நூல் சுற்றிச் சுற்றி ஓட, வெளிச்சம் மேலிருந்து கீழாக ஒரே கோடாய் விழும். முடியும் அந்த ஜாதி. ஒவ்வொரு இழையும் ஒரு மெல்லிய உருளை. விளக்கும் கேமராவும் நிற்கும் இடத்துக்குப் பொருத்தமாக இழை வளையும் அந்த ஒரு இடத்தில் மட்டும் மின்னும். பக்கத்து இழையும் அதே மாதிரி வளைந்திருந்தால் அதே உயரத்தில் மின்னும். ஆயிரம் இழை ஒன்றாக மின்னும்போது அது குறுக்குப் பட்டையாகத் தெரிகிறது.

இதில் ஒரு நுணுக்கம். முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, செதில் மேல் செதிலாக நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். அந்தச் செதில்கள் ஏறத்தாழ 3 டிகிரி சாய்ந்திருப்பதால், வழுவழுப்பான குழாயில் வெளிச்சம் எங்கே விழுமோ அதைவிடச் சற்று வேர்ப்பக்கம் தள்ளியே முடியில் விழுகிறது. கணிப்பொறி வரைகலைக்காரர்கள் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். 2003-இல் மார்ஷ்னரும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட கட்டுரை அந்தத் துறையில் இன்றுவரை அடிப்படை. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வேர், நுனி திசையைக் குழப்பாமல் இருந்தால் போதும். தலைகீழாகத் திருப்பி ஒட்டிய கற்றை ஏதோ ஒரு விதத்தில் உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறுப்பு முடியின் மினுமினுப்பு வெள்ளையா, நீலமா, பழுப்பா?

எந்த விளக்கோ அந்த நிறம். முடியின் மேல்தோலில் பட்டு நேராகத் திரும்பும் வெளிச்சத்துக்கு முடியின் நிறம் ஏறுவதில்லை. உள்ளே புகுந்து பின்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்குத்தான் முடியின் சாயம் ஒட்டும். செம்பட்டை முடியில் அது நன்றாகத் தெரியும், வெள்ளைப் பட்டைக்குச் சற்று நுனிப்பக்கமாக இரண்டாவதாக ஒரு பொன்னிறப் பட்டை. நம் ஊர்க் கறுப்பு முடியில் உள்ளே போகும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் நிறமியே விழுங்கிவிடுகிறது, அதனால் மிஞ்சுவது வெள்ளைப் பட்டை மட்டும்தான்.

விதிவிலக்கு, பின்னாலிருந்து வரும் வெளிச்சம். மாலை வெயிலுக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் கூந்தல் ஓரத்தைப் பாருங்கள், தனித்தனியாக நிற்கும் இழைகள் செம்பழுப்பாக எரியும். அது நிஜம், அதை நீக்கவேண்டாம். ஆனால் முன்பக்கம் சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்த படத்தில் நெற்றி மேல் பொன்னிறப் பட்டை பூசினால் சாயம் போட்ட தலையாகிவிடும். மூலிகை எண்ணெய் விற்பவருக்கு அதைவிட வம்பு வேறில்லை.

நீலக் கறுப்பு என்பது நம் விளம்பரங்களில் ஊறிப்போன பழக்கம். வேண்டுமானால் எடுக்கும்போதே பின்விளக்கின் முன்னால் லேசான நீல ஜெல் தாள் மாட்டுங்கள். கன்னத்து ஓரத்திலும் தோளிலும் அந்த நீலம் துளி விழும், படம் ஒன்றோடொன்று பொருந்தும். பிறகு கம்ப்யூட்டரில் முடிக்கு மட்டும் நீலம் ஏற்றினால் முகம் ஒரு அறையிலும் தலை வேறு அறையிலும் இருக்கும்.

எண்ணெய் விளம்பரம்தானே, முடியில் அதே எண்ணெயைத் தடவி எடுத்தால் என்ன?

கிளையன்ட் எல்லாரும் ஆசைப்படுவது இது. ஒருமுறை செய்து பார்த்தால் அடுத்த முறை கேட்கமாட்டார்கள்.

எண்ணெய் இழையை மின்னவைக்கும், உண்மை. கூடவே பக்கத்துப் பக்கத்து இழைகளை ஈர்த்துச் சேர்த்து ஒட்டவும் வைக்கும். நனைந்த பெயின்ட் பிரஷின் நுனி கூராகச் சேர்ந்து நிற்கிறதே, அதே சங்கதி. நூறு இழை சேர்ந்து ஒரே கயிறாகும். கயிறுகளுக்கு நடுவே மண்டைத்தோல் தெரியும். அடர்த்தியான கூந்தலை விற்க வந்த படத்தில் மாடலுக்கு வழுக்கை விழுந்த மாதிரி இருக்கும். காற்று வைத்தாலும் பறக்காது.

நாங்கள் செய்வது என்னவென்றால், முந்தைய நாள் தலைக்குக் குளித்து, முழுக்கக் காயவைத்து, வேரிலிருந்து நுனி வரை சீப்பால் நிதானமாக வாரி, டிரையரைக் கடைசியில் குளிர்காற்றில் வைத்து ஒரு ஓட்டு. அப்புறம் இரண்டு மூன்று துளி சீரம், உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும். உச்சியில் கைபடக் கூடாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பளபளப்பில் பெரும்பங்கு அந்தச் சீப்பு வேலைதான். இழைகள் ஒரே திசையில் படுத்தால் அவற்றின் மின்னல்கள் ஒரே இடத்தில் சேர்கின்றன. சிக்கு விழுந்த தலையில் எத்தனை எண்ணெய் வைத்தாலும் மின்னல் சிதறித்தான் போகும்.

பாட்டிலோடு எடுக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும். ஸ்டூடியோவில் ஏ.சி.யை 20-இல் வைத்துவிட்டு விளக்குகளை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள், திரும்பிப் பார்த்தால் பாட்டிலுக்குள் வெள்ளை மேகம் கட்டியிருக்கும். ஒரு வாளி வெந்நீரை ஓரமாக வைத்து, பாட்டிலை அதில் நிறுத்தி வையுங்கள். எடுக்கும் நிமிடத்தில் துடைத்துக்கொண்டு கொண்டுவந்தால் போதும்.

பறக்கும் கூந்தல் எடுத்தால் நுனியெல்லாம் கலங்கிப் புகை மாதிரி வருகிறது. ஷட்டர் ஸ்பீடைக் கூட்டவேண்டுமா?

ஃபிளாஷ் வைத்து எடுக்கும்போது அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான். கணக்காகச் சொல்கிறேன். மாடல் தலையை வீசித் திருப்பும்போது நுனி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷ் 1/200 நொடி எரிந்தால் அதற்குள் நுனி 25 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 நொடி என்றால் இரண்டரை மில்லிமீட்டர். முதலாவதில் ஒரு கற்றை முழுவதும் பக்கத்துக் கற்றையோடு குழைந்துவிடும். இழை ஒட்டிக்கொள்ளும் வியாதி பல படங்களில் இங்கேயே தொடங்கிவிடுகிறது, ரீடச்காரரைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் ஃபிளாஷின் விவரப் பக்கத்தில் t0.1 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், வெளிச்சம் உச்சத்தில் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரை எரியும் நேரம் அது. அதைப் பாருங்கள், பாதியாக இறங்கும் வரை மட்டும் கணக்கிடும் t0.5 என்பதை நம்பவேண்டாம், அது வியாபாரத்துக்கு அழகாகச் சொல்லும் எண். கேமராவின் மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷ்கள் பவரைக் குறைக்கக் குறைக்கக் குறுகிய நேரமே எரியும். பழைய வகை ஸ்டூடியோ ஃபிளாஷ்கள் சில இதற்கு நேர்மாறு, பவரைக் குறைத்தால் இன்னும் அதிக நேரம் இழுக்கும்.

காற்றுக்கு ஒரே ஒரு ஃபேன். இரண்டு பக்கமும் ஃபேன் வைத்தால் முடி நடுவில் மோதிச் சுருளும், எந்த இழை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. முகத்துக்கு முன்னால், சற்றுக் கீழே, ஒரு பக்கமாக வைத்தால் கூந்தல் மொத்தமும் ஒரே ஓட்டத்தில் போகும். வேறு வழியும் உண்டு, உதவியாளர் ஒருவர் தெர்மாகோல் அட்டையால் கூந்தலைத் தூக்கிவிட்டுச் சட்டென்று விலகுவார். அறுபது எழுபது முறை எடுத்தால் நாலு படம் தேறும். மாடலுக்குக் கழுத்து வலிக்கும், இடையிடையே உட்காரவிடுங்கள்.

இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது.

ஒரு இழையை விரலால் தொடர்ந்து போங்கள். நிஜ முடி கிளை பிரியாது. இரண்டு இழை சந்தித்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே தாண்டிப்போகும். படத்தில் இரண்டு கற்றை வந்து சேர்ந்து ஒரே கற்றையாகக் கீழே இறங்குகிறது என்றால், ஆற்றில் ஓடை கலந்த மாதிரி இருந்தால், அங்கே தப்பு நடந்திருக்கிறது. அதேபோல் ஒரு இழை நடுவழியில் நுனியில்லாமல் கரைந்துபோகக் கூடாது.

எங்கே தேடுவது என்றால், முடி வேறொன்றைத் தொடும் இடங்களில். தோள், காதுமடல், ஜிமிக்கி, புடவைத் தலைப்பின் ஜரிகை ஓரம், முடியைக் கோதும் விரல்கள், மல்லிகைச் சரம். இழை ஜிமிக்கிக்குள் போய் வெளியே வராமல் இருக்கும். விரலிடுக்கில் நாலு கற்றை நுழைந்து மூன்று வெளியே வரும். பூச்சரத்தின் வெள்ளை இதழ் ஓரம் கரைந்து முடியாகியிருக்கும்.

எதனால் வருகிறது என்பது வேலை செய்த விதத்தைப் பொறுத்தது. Smudge, Surface Blur மாதிரியானவை இழைகளை நேரடியாகக் குழைத்துவிடும். தோலைச் சுத்தம் செய்ய நினைத்து Healing Brush நெற்றியோரம் போனால் குட்டி முடிகள் பாதி தின்னப்படும். கேமராவின் நாய்ஸ் குறைப்பு அதிகமாக இருந்தால் நிழல் பக்கத்து முடி முழுக்கக் களிமண் மாதிரி வரும், இதைப் பிறகு மீட்கவே முடியாது. எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது இரண்டு படங்களை ஒட்டும் இடத்தில், முகம் ஒன்றிலிருந்து கூந்தல் மற்றொன்றிலிருந்து எடுக்கும்போது. அதற்கு என் சொந்தக் கதையே இருக்கிறது, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போனதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லமுடியுமா?

செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சின்ன கம்பெனி, பத்திரிகையில் ஒரு பக்க விளம்பரம். மாடல் முக்கால் பக்கமாகத் திரும்பி நிற்க, இடுப்பு வரை கூந்தல் இடப்பக்கம் பறக்கிறது. முகம் நன்றாக வந்த படத்தில் கூந்தல் தொங்கிவிட்டது, கூந்தல் நன்றாகப் பறந்த படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டையும் சேர்த்தேன். கூந்தலில் மினுமினுப்பு போதாது என்று மேலே கொஞ்சம் ஏற்றி அனுப்பினேன். கம்பெனிக்காரரின் அம்மா பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னாராம்: "என்னப்பா இது, சவுரி வெச்ச மாதிரி இருக்கு." கோபம் வந்தது. படத்தை மறுபடி திறந்து பார்த்தேன், அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மூன்று தப்பு இருந்தது. உச்சியிலிருந்து தோள் வரை நான் பூசிய வெளிச்சம் ஐந்து கற்றைகளின் மேலே ஒரே சீராக ஓடியது. தோள் மேல், முகப் படத்தின் கற்றையும் கூந்தல் படத்தின் கற்றையும் கலந்து ஒன்றாகிவிட்டன. மூன்றாவது, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் நானே பிரஷால் வரைந்து சேர்த்த இழைகள்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். 45 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் உயரம் சுமார் 8,000 பிக்சல். ஃபிரேமுக்குள் இருந்தது சுமார் 1.2 மீட்டர் உயரம். ஆக ஒரு பிக்சல் 0.15 மில்லிமீட்டர். ஒரு முடியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர் அளவுதான், அதாவது அரை பிக்சல். நான் வரைந்த இழையோ 3 பிக்சல் அகலம், நிஜ முடியைப்போல் ஆறு மடங்கு. பாவாடை நாடாவை முடியென்று வரைந்திருக்கிறேன், சவுரி மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் அழித்தேன். தேறாத மற்ற படங்களில் பறந்த நிஜ இழைகளிலிருந்து நாலைந்தை வெட்டியெடுத்து வைத்தேன். வெளிர் பின்னணி மேல் வரும் இழைகளுக்கு Darken, கறுப்புக் கற்றை மேல் மின்னும் இழைகளுக்கு Lighten. வரைந்தே தீரவேண்டிய இடத்தில் 1 பிக்சல் பிரஷ், அதையும் பாதி தெரிகிற அளவுக்குத்தான்.

அடுத்து தோள். இங்கே எந்தக் கற்றை முன்னால் என்று முதலில் ஒரு முடிவு எடுக்கவேண்டும். நான் முன்பு எடுக்கவே இல்லை, மெத்தென்ற பிரஷால் மாஸ்க்கை இரண்டுக்கும் நடுவில் தேய்த்துவிட்டிருந்தேன். பாதி தெரியும் இழையும் பாதி தெரியும் இழையும் சேர்ந்தால் கூழ்தான் வரும். கூந்தல் படத்தின் கற்றையை முன்னால் வைத்தேன். அதன் ஓரத்தை இழையின் திசையிலேயே, சிறு சிறு கோடுகளாக மாஸ்க் செய்தேன். பின்னால் போகும் கற்றையின் மேல், முன்கற்றையின் கீழோரத்தை ஒட்டி Multiply லேயரில் ஒரு மெல்லிய நிழல், 15 பிக்சல் அகலத்துக்கு. அந்த நிழல் விழுந்ததும் இரண்டு கற்றையும் தனித்தனியாக எழுந்து நின்றன. ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றுவதில் பாதி, இந்த நிழல் இல்லாததுதான்.

கடைசியாகப் பளபளப்பு. பூசியதைத் தூக்கிவிட்டு மூலப் படத்தை உற்றுப் பார்த்தேன். மேலே ஒரே ஒரு ஸ்ட்ரிப் லைட்தான் வைத்திருந்தேன், எனவே உச்சியைச் சுற்றி ஒரு வளையம், பறக்கும் கற்றைகளில் வளைவுக்கு வளைவு ஒரு சின்ன மின்னல். எல்லாம் ஏற்கெனவே இருந்தது, மங்கலாக. அதை எழுப்பினால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டாம். ஒரு Curves லேயரில் வெளிச்சத்தைக் கூட்டி, மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, 6 பிக்சல் பிரஷ், Flow 4% வைத்து, மின்னல் இருக்கும் இடங்களில் மட்டும் இழையின் திசையில் குட்டிக் கீற்றுகள். கீற்று நீளவாக்கில், கீற்றுகளின் வரிசை குறுக்குவாக்கில். இதை மாற்றிச் செய்தால் முதல் கேள்விக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

இழைகளுக்கு நடுவே உள்ள கறுப்பு இடுக்குகளில் வெளிச்சம் ஏறாமல் இருக்க, அந்த லேயரின் Blend If-இல் Underlying Layer என்ற கோட்டின் கறுப்பு முனையை Alt அழுத்திப் பிளந்து, பாதியை வலப்பக்கம் இழுத்தேன். ஏற்கெனவே இருண்டிருக்கும் பிக்சல்களை அது தொடாது. இது ஒன்றே பாதி வேலையை மிச்சப்படுத்தும். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை என்ற கணக்கில், பளிச்சென்ற இடம் 225-ஐத் தாண்டாமலும் இடுக்குகள் 15-ஐ ஒட்டியும் இருக்கிறதா என்று Info பேனலில் பார்த்துக்கொண்டேன். 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்குள் இழை இல்லை, வெறும் காகிதம்தான்.

திருத்த நாலு மணி நேரம் ஆனது. முதல்முறை கெடுக்க ஒரு நாள் முழுவதும் ஆகியிருந்தது.

பின்னணியை மாற்றும்போது கூந்தல் ஓரத்தில் வெள்ளைக் கோடு வருகிறது.

பழைய பின்னணியின் நிறம் இழைக்குள் கலந்திருக்கிறது. அரை பிக்சல் தடிமன் என்று சொன்னேனே, அந்தப் பிக்சலின் மீதிப் பாதி பின்னணிதான். Select and Mask-இல் Decontaminate Colors ஓரளவு உதவும், அதிகம் வைத்தால் ஓரமெல்லாம் சாம்பல் பூக்கும். கறுப்பு முடி, வெளிர் பின்னணி என்றால் வெட்டவே வேண்டாம். கூந்தல் ஓரம் வரும் பகுதியை மட்டும் Multiply-இல் புதிய பின்னணி மேல் வையுங்கள், வெள்ளை தானாகக் கரைந்து இழை நிற்கும். தலையின் உட்பகுதிக்கு மட்டும் வழக்கமான மாஸ்க்.

இதைவிட நல்ல வழி, கடைசியில் என்ன நிறப் பின்னணி வரப்போகிறதோ அதற்கு நெருங்கிய நிறத் துணியை வைத்து எடுப்பது. பச்சைத் துணியை மட்டும் வைக்காதீர்கள். மின்னும் முடி அந்தப் பச்சையை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பறந்து நிற்கும் சில்லறை முடிகளை எல்லாம் எடுத்துவிடலாமா?

முகத்தின் குறுக்கே, கண்ணின் மேல், உதட்டில் ஒட்டியவற்றை எடுங்கள். வகிட்டின் மேல் நிமிர்ந்து நிற்பவற்றில் பாதியை எடுங்கள். நெற்றியோரக் குட்டி முடிகளைத் தொடாதீர்கள், அவை போனால் தலை தொப்பி மாதிரி உட்காரும். தலையின் வெளிக்கோடு கத்தரித்த மாதிரி வழுவழுப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாக எடுத்த படமும் பொம்மைதான்.

ஸ்க்ரீனில் அருமையாக இருந்தது, பேப்பரில் கூந்தல் ஒரே மைத்திட்டாக வந்தது. ஏன்?

செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். நாலு மையும் சேர்ந்த மொத்த அளவு பளபளத்தாளில் 300% வரை தாங்கும், செய்தித்தாளில் 240% அளவோடு நிறுத்தச் சொல்வார்கள். நீங்கள் அனுப்பும் பத்திரிகையில் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு இடுக்குகளை 15-க்குப் பதில் 35 அளவுக்குத் தூக்கிவிட்டு, மின்னல்களுக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டி, செய்தித்தாளுக்கென்று தனியாக ஒரு பிரதி செய்யுங்கள். ஒரே ஃபைலை எல்லா இடத்துக்கும் அனுப்புவது நடக்காத காரியம்.

ஒப்புதல் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கும்போது இழைகளைத்தான் முதலில் தின்னும், கிளையன்ட் உங்களைத்தான் திட்டுவார். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வீடியோவிலும் இதே முறைதானா?

வெளிச்சம் விழும் விதம் ஒன்றுதான், ரீடச் வழி வேறு. நொடிக்கு 24 ஃபிரேமில் ஒவ்வொன்றிலும் கீற்று வரைய முடியாது, அதனால் எடுக்கும்போதே முடிந்துவிடவேண்டும். நொடிக்கு 200 ஃபிரேமுக்கு மேல் எடுத்து மெதுவாக ஓட்டுவார்கள். அந்த வேகத்தில் மலிவான எல்.இ.டி. விளக்குகள் படபடவென்று துடிப்பது பதிவாகிவிடும், முன்பே சோதித்துவிடுங்கள். அசையும் கூந்தலில் பளபளப்பு முடியோடு சேர்ந்து நகராது, முடி அதன் கீழே வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சேர்த்த பளபளப்பு முடியோடு ஒட்டிக்கொண்டு நகர்வதைக் கண்டால் அது போலி.

மாடலுக்கு முடி குறைவு. ஒட்டுமுடி வைக்கலாமா, கம்ப்யூட்டரில் அடர்த்தி கூட்டலாமா?

படமெடுப்பதற்கு இரண்டுமே முடியும். ஒட்டுமுடி என்றால் மாடலின் நிறத்தோடு சேர்ந்து மின்னலும் பொருந்துகிறதா என்று விளக்கடியில் பாருங்கள். பிளாஸ்டிக் இழையில் செதில் கிடையாது, அது நிஜ முடியைவிடக் கண்ணாடித்தனமாக மின்னி, பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மனித முடியில் செய்ததையே வாங்குங்கள்.

ஆனால் "3 மாதத்தில் அடர்த்தி" என்ற மாதிரி வாசகம் அந்தப் படத்தோடு போகிறதென்றால் நான் இரண்டையும் செய்வதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிகளின்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்குக் கம்பெனியும் பதில் சொல்லவேண்டும், விளம்பரம் தயாரித்த ஏஜென்சியும் பதில் சொல்லவேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு போட்டுத் தப்பலாம் என்றும் நினைக்கவேண்டாம், வாசகம் தமிழில் இருந்தால் குறிப்பும் தமிழில்தான் இருக்கவேண்டும். முன், பின் என்று இரண்டு படம் கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டுக்கும் ஒரே விளக்கு, ஒரே உயரம், ஒரே சீப்பு. பெரும்பாலானவர்கள் அதோடு திரும்பிப் போய்விடுகிறார்கள்.